99.63 பிறந்த கதை

1960களின் நடுப்பகுதி. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில் வுடி பிளெட்ஸோ என்ற கணிதவியலாளர் ஒரு விசித்திரமான வேலையில் இறங்கியிருந்தார். புகைப்படத்தில் இருக்கும் முகம் யாருடையது என்று கணினி சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கணினிக்குக் கண் எது, மூக்கு எது என்றே தெரியாது. அதனால் ஓர் ஆள் உட்கார்ந்து, மின்பலகை மேல் படத்தை வைத்து, கண்ணின் ஓரம், வாயின் ஓரம், நெற்றியில் முடி தொடங்கும் இடம் என்று ஒவ்வொன்றாகக் குத்திக் குறிப்பார். மணிக்கு நாற்பது படம் ஓடும். குறித்த புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரங்களை வைத்துக் கணினி ஒப்பிடும். பணம் கொடுத்தது பெயர் வெளியே தெரிய விரும்பாத ஓர் உளவு அமைப்பு என்பதால் முடிவுகளில் பெரும்பகுதி அச்சேறவில்லை. வெளிவந்த கொஞ்சத்தில் பிளெட்ஸோ ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். தலை திரும்பினால், வெளிச்சம் மாறினால், முகபாவம் மாறினால், வயது ஏறினால், ஒரே மனிதரின் இரண்டு படங்கள் கணினிக்கு இரண்டு மனிதர்களாகிவிடும். அடுத்து வந்தவர்கள் அதைப் படிக்காமல் இல்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்த படங்களில் அந்தத் தொல்லை எதுவுமே இல்லை.

1991இல் எம்.ஐ.டி.யில் மேத்யூ டர்க்கும் அலெக்ஸ் பென்ட்லண்டும் மனிதக் கை குறுக்கிடாமல் கணினியே முகத்தை ஒப்பிடும் முறையைக் காட்டியதும் துறை சூடுபிடித்தது. பல ஆய்வகங்கள் சொந்தமாக ஒரு படத்தொகுப்பை வைத்துக்கொண்டன. மூன்று நான்கு பெரிய ஆய்வகங்களைத் தவிர்த்தால், பெரும்பாலான தொகுப்புகளில் ஐம்பது பேர்கூட இல்லை. தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட வெற்றி சதவீதங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் சகஜமாக வந்தன. ஒருவரின் 95ஐயும் இன்னொருவரின் 97ஐயும் பக்கத்தில் வைத்து யார் தேவலை என்று சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஏனென்றால் இருவரும் எழுதியது வேறு வேறு வினாத்தாள். போட்டவர்களும் அவர்களே.

இந்தக் குழப்பத்தில் முதலில் பொறுமையிழந்தது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் போதைப்பொருள் தடுப்புத் தொழில்நுட்ப அலுவலகம். பொதுவான ஒரு தேர்வு வேண்டும் என்று 1993இல் அது பணம் ஒதுக்கியது. திட்டத்துக்கு 'ஃபெரட்' என்று பெயர். ராணுவ ஆய்வகத்தின் ஜொனாதன் ஃபிலிப்ஸ் தேர்வை வகுக்க, வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி வெக்ஸ்லரின் குழு படம் பிடிக்கத் தொடங்கியது. 1996 வரை பதினைந்து அமர்வுகள் நடந்தன. 1,199 பேர், பதினாலாயிரத்துக்கு மேல் படங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் கேமரா, விளக்கு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பூட்ட வேண்டியிருந்தது. எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும் முந்தைய அமர்வின் வெளிச்சம் அச்சு அசலாகத் திரும்பவில்லை. குறைபாடு போலத் தோன்றிய இந்தச் சின்ன மாற்றம்தான் பிறகு மிகப் பெரிய உண்மையை வெளியே கொண்டுவந்தது.

ஃபிலிப்ஸின் குழு சோதனைப் படங்களை நான்கு கட்டாகப் பிரித்தது. முதல் கட்டில், ஒருவரை நேராகப் பார்க்கவைத்து ஒரு படம் எடுத்துவிட்டு, சில விநாடிகள் கழித்து, முகபாவத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்லி எடுத்த இரண்டாவது படம். அதே நாற்காலி, அதே விளக்கு, அதே சட்டை. இரண்டாம் கட்டில் அதே நாள்தான், ஆனால் கேமராவும் வெளிச்சமும் வேறு. மூன்றாவதில் வேறொரு நாளில் வந்து உட்கார்ந்த அதே ஆள். நான்காவது கட்டில், முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஒன்றரை வருடமாவது ஓடியிருக்க வேண்டும். கூந்தல் வளர்ந்திருக்கலாம், கண்ணாடி மாறியிருக்கலாம். ஆனால் பெயர் அதேதான், ஆளும் அதே ஆள்தான்.

1997 மார்ச்சில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் நிரல் இந்தத் தேர்வை எழுதியது. முதல் கட்டில் 95 சதவீதம் சரி. வெளிச்சம் மாறிய இரண்டாம் கட்டில் 82. வேறு நாள் படங்களில் 59. ஒன்றரை வருடம் கழிந்த படங்களில் 52. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. படம் மாறியது, அவ்வளவுதான். இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் நிரல் முதல் கட்டில் 96 எடுத்து ஒரு புள்ளி முந்தியிருந்தது. நான்காம் கட்டில் அதன் மதிப்பெண் ஏறக்குறைய 21. எளிய படங்களை வைத்துப் பார்த்தால் மேரிலண்ட் முதலிடம், கடினமான படங்களை வைத்துப் பார்த்தால் அது பாதியளவு கூட இல்லை. மதிப்பெண் மட்டும்தான் படத்தைப் பொறுத்தது, தரவரிசை நிலையானது என்று நம்புவதற்கும் இடமில்லாமல் போயிற்று. ஆனால் சந்தைக்குப் போகிறவர்கள் இந்த நான்கு எண்களில் எதை எடுத்துக்கொண்டு போவார்கள்?

விடை வரப் பல வருடம் ஆகவில்லை. 2001 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் சூப்பர் பவுல் பந்தயத்துக்கு வந்த கூட்டத்தை ரகசியமாகக் கேமராவில் பிடித்து, குற்றவாளிப் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். அதே ஆண்டு அந்த நகரத்தின் கேளிக்கைத் தெருவிலும் கேமராக்கள் ஏறின. இரண்டு வருடம் ஓடியும் அந்தத் தெருவில் ஒருவரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. 2003இல் போலீசார் திட்டத்தையே கைவிட்டார்கள். ஏன் இப்படி என்பதற்கான விளக்கம் ஏறத்தாழ அதே நேரத்தில் இன்னோர் அறிக்கையில் அச்சாகிக்கொண்டிருந்தது.

அது அரசு நடத்திய 2002ஆம் ஆண்டுத் தேர்வின் அறிக்கை. இதில் ஒரு நல்ல வழக்கம் நிலைபெற்றது. முக ஒப்பீட்டு மென்பொருள் 'ஆம், இல்லை' என்று சொல்வதில்லை. இரண்டு படத்துக்கும் ஒற்றுமை இவ்வளவு என்று ஒரு மதிப்பெண் கொடுக்கிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் 'அதே ஆள்' என்று எடுத்துக்கொள்வது என்ற கட்-ஆஃபை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். கட்-ஆஃபைக் குறைத்தால் தேடும் ஆள் தப்பமாட்டார், ஆனால் முன்பின் தெரியாதவர்களும் மாட்டுவார்கள். ஏற்றினால் அந்நியர்கள் தப்பிப்பார்கள், தேடும் ஆளும் கூடவே நழுவிவிடுவார். ஆகவே 2002 தேர்வில் முதலில் ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொண்டார்கள்: நூறு அந்நியர்களில் ஒருவரைத் தவறாக ஏற்கலாம், அதற்கு மேல் கூடாது. அந்தக் கட்-ஆஃபில், உள்ளரங்கில் எடுத்த படங்களில் மிகச் சிறந்த நிறுவனம் 90 சதவீதம் பேரைச் சரியாக அடையாளம் கண்டது. அதே நாளில் வெளியே வெயிலில் எடுத்த படங்களில் 50 சதவீதம். கதவைத் திறந்து வாசலுக்கு வந்ததற்கு விலை நாற்பது புள்ளி. இந்த உண்மையைத் துறை செரித்துக்கொள்வதற்குள் இன்னொரு படத்தொகுப்பு வந்து எல்லாவற்றையும் மறக்கடித்தது.

2000களின் தொடக்கத்தில் பெர்க்லியில் டமாரா பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் யாஹூ செய்தித் தளத்திலிருந்து செய்திப் படங்களையும் அவற்றின் கீழிருந்த குறிப்புகளையும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். குறிப்பில் இருக்கும் பெயரைப் படத்திலிருக்கும் முகத்தோடு இணைப்பது அவர்கள் ஆராய்ச்சி. அந்தப் படங்களை எடுத்துச் சுத்தம் செய்து, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் கேரி ஹுவாங், எரிக் லேர்னட்-மில்லர் குழு 2007இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டது. 5,749 பேர், 13,233 படங்கள். ஆய்வகத்து நாற்காலி இல்லை, ஒரே மாதிரி விளக்கும் இல்லை. மேடையிலும் மைதானத்திலும் விமான நிலையத்திலும் எடுத்த முகங்கள். சோதனைக்கு 6,000 ஜோடிகள். பாதி ஒரே ஆள், பாதி வேறு வேறு ஆள். தொகுப்புக்குப் பெயர் 'லேபிள்ட் ஃபேசஸ் இன் த வைல்ட்'. 'வைல்ட்' என்ற அந்தச் சொல்லை எல்லாரும் நம்பினார்கள். படங்கள் எந்தச் சல்லடை வழியாக வந்தன என்பதைப் பார்த்தவர்கள் குறைவு.

சல்லடை இதுதான். இணையத்திலிருந்து வந்த படங்களில் முகம் எங்கே இருக்கிறது என்று தேட, பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001இல் உருவாக்கிய முகம் கண்டறியும் நிரலைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது வேகமானது, நேராகப் பார்க்கும் முகத்தை நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டில் திரும்பிய முகம், நிழலில் பாதி மறைந்த முகம், குனிந்த தலை, தூரத்தில் மங்கலாகத் தெரியும் முகம் என்றால் தவறவிட்டுவிடும். அது தவறவிட்ட எதுவும் தொகுப்புக்குள் வரவில்லை. அதாவது மிகக் கடினமான கேள்விகள் தேர்வு தொடங்குவதற்கு முன்பே கிழிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவை, விலையுயர்ந்த கேமராவும் பழகிய கையும் உள்ள பத்திரிகைப் புகைப்படக்காரர்கள், பிரபலங்களை, ஆசிரியர் குழு தேர்ந்தெடுக்கும்படி தெளிவாக எடுத்த படங்கள். தொகுப்பை வெளியிட்டவர்கள் இந்த எல்லையை மறைக்கவில்லை. அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் மதிப்பெண் ஏறத் தொடங்கியதும் அறிக்கையைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஏற்றம் உண்மையிலேயே பிரமிக்கவைத்தது. டர்க்–பென்ட்லண்ட் முறை இதில் வாங்கியது 60 சதவீதம். ஜோடிக்கு ஒன்றாகக் காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைத்துவிடும் தேர்வு இது. மனிதர்களிடம் அதே ஜோடிகளை, பின்னணி தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டிக் காட்டியபோது 97.53 வந்தது. 2014இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்களின் 'டீப்ஃபேஸ்' 97.35 எட்டி, மனிதனின் தோளைத் தொட்டது. மறு வருடம் கூகுளின் 'ஃபேஸ்நெட்' 99.63. மனிதனை இயந்திரம் முந்திவிட்டது என்று உலகம் பேசியது. பின்னால் இருந்த தொழில்நுட்பப் பாய்ச்சல் மெய்யானது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த 99.63க்குள் எத்தனை முகம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது.

6,000 ஜோடியில் 0.37 சதவீதம் என்பது ஏறக்குறைய 22 ஜோடி. அடுத்த நிறுவனம் 99.73 என்று அறிவித்தால், அது கூடுதலாகச் சரி செய்தது ஆறே ஜோடி. அதைவிட முக்கியம், அந்நியர் ஜோடிகள் 3,000தான். அந்த 3,000இலும் ஒரு நிரல் ஒரு பிழைகூடச் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், புள்ளியியல் அதிலிருந்து உறுதியாகச் சொல்லவிடுவது இவ்வளவுதான்: அது அந்நியரைத் தவறாக ஏற்பது ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் இருக்காது. பத்தாயிரத்தில் ஒன்றா, கோடியில் ஒன்றா என்று கேட்டால் இந்தத் தேர்வு பதில் சொல்லாது. தெருவில் கேமரா வைக்கிறவருக்குத் தேவை அந்தப் பதில் மட்டும்தான். அதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார் என்பதற்கு ஒரு கால்பந்துப் போட்டி வர வேண்டியிருந்தது.

2017 ஜூன் 3. வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், யுவென்டஸுக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும். ஊருக்கு 1,70,000 பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த தெற்கு வேல்ஸ் போலீசார் நேரடி முக அடையாளக் கேமராக்களை இயக்கினார்கள். இயந்திரம் 2,470 முறை 'இவர் பட்டியலில் இருக்கிறார்' என்று மணி அடித்தது. அவற்றில் 173 சரி. மீதி 2,297 பேரும் வேறு யாரோ. நூறு மணிக்குத் தொண்ணூற்று இரண்டுக்கு மேல் பொய். போலீசார் சொன்ன காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: ஐரோப்பியக் கால்பந்து அமைப்பும் இன்டர்போலும் உள்ளிட்ட அமைப்புகள் பட்டியலுக்காகக் கொடுத்த படங்கள் தரமில்லாதவை. கேமராவில் விழும் முகம் மட்டுமல்ல, ஒப்பிடக் கையில் இருக்கும் முகமும் மங்கலாக இருந்தால் கணக்கு இரண்டு பக்கமும் கசியும்.

இதே எண்களை இன்னொரு விதமாகவும் சொல்லலாம். எதிர்பார்த்த 1,70,000 பேரும் வந்து ஒரு முறை கேமராவைக் கடந்தார்கள் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், தவறாக மாட்டியவர்கள் அவர்களில் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு. 'துல்லியம் 98 சதவீதத்துக்கு மேல்' என்று அச்சடிக்கலாம், அதில் பொய் இருக்காது. 92 சதவீதம் தவறு என்பதும், 98 சதவீதம் சரி என்பதும் ஒரே நிகழ்வின் இரண்டு வகுத்தல். ஒன்று அடித்த மணிகளால் வகுக்கிறது, மற்றது கடந்துபோன தலைகளால் வகுக்கிறது. எதனால் வகுத்தது என்று எழுதாத சதவீதம் இரண்டு பக்கமும் பேசும்.

கார்டிஃப் போட்டிக்கு மூன்று மாதம் முன்பே அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. இந்தக் கதைக்கு முன்னுரை எழுதிவிட்டிருந்தது. நகரும் காணொளியில் முகத்தை அடையாளம் காணும் தேர்வின் அறிக்கை அது. விமானம் ஏறும் வாசல் போன்ற ஒழுங்கான இடத்தில் மிகச் சிறந்த நிரல் 94 சதவீதம் வரை எட்டியது. விளையாட்டரங்கில் நடந்துபோகிறவர்களை அடையாளம் கண்டது, கேமரா வைத்த இடத்தைப் பொறுத்து, 36லிருந்து 87 வரை. கூரையில் உயரமாக மாட்டிய கேமராவுக்கு உச்சந்தலையும் நெற்றியும்தான் கிடைக்கும். கண் மட்டத்தில், எல்லாரும் ஒரு நிமிடம் நின்று பார்க்கும் இடத்தில் வைத்த கேமராவுக்கு முழு முகம் கிடைக்கும். பின்வந்த ஆண்டுகளில் இதே நிறுவனத்தின் பெரிய தேர்வுகளில் ஒரு முன்னணி நிரல், போலீசார் நிற்கவைத்து எடுக்கும் பதிவுப் படங்களில் 0.1 சதவீதம் மட்டுமே பிழை செய்தது. கட்டுப்பாடில்லாமல் எடுத்த படங்களில் அதே நிரலின் பிழை 9.3. ஆயிரத்தில் ஒன்றாக இருந்த பிழை ஆயிரத்தில் தொண்ணூற்று மூன்றாகிவிட்டது. இரண்டு எண்ணும் ஒரே அரசு நிறுவனம் அளந்தவை, இரண்டும் உண்மை. ஆனால் டெண்டருக்கு வந்து சேரும் வழுவழுத் தாளில் இடம்பிடிப்பது எப்போதும் ஒன்றுதான்.

அந்தத் தாளின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் நிற்கும் 'துல்லியம் 99.7%' என்ற வரிதான் இந்தக் கதையின் நாயகன். சில விநாடி இடைவெளியில் எடுத்த படத்தில் கருவுற்று, செய்திப் படங்களில் வளர்ந்து, கைதிகளின் பதிவுப் படங்களில் மெருகேறி வந்த எண் அது. ஒரு பேருந்து நிலையத்துக்கு அதை வாங்கும் அதிகாரியின் மேசையில் வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நாளொன்றுக்கு 60,000 பேர் கடக்கும் வாசல். தேடப்படுவோர் பட்டியலில் 500 பேர். ஒவ்வொரு முகமும் 500 முகங்களோடு ஒப்பிடப்படும். ஆக நாளுக்கு மூன்று கோடி ஒப்பீடு. அந்நியரைத் தவறாக ஏற்பது பத்தாயிரத்தில் ஒன்று என்று தாளின் அடிக்குறிப்பு சொன்னால், கேட்க நன்றாக இருக்கும். நாளுக்கு 3,000 பொய் மணி. இரண்டே காவலர்கள் நிற்கும் வாசலில் மூன்றாம் நாள் யாரும் மணியைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாளுக்கு மூன்று பொய் மணி போதும் என்றால், கட்-ஆஃபை ஒரு கோடியில் ஒன்று என்ற அளவுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு, தேடப்படும் ஆள் நிஜமாக வரும்போது எத்தனை முறை தப்புவார்? 99.7 என்பது அந்தக் கட்-ஆஃபில் அளந்ததா, அல்லது பத்தாயிரத்தில் ஒன்றிலா? பிடித்த விகிதத்தை ஒரு கட்-ஆஃபிலும், பொய் மணி விகிதத்தை வேறொரு கட்-ஆஃபிலும் அளந்து ஒரே வரியில் சேர்த்து எழுதிய தாள் எந்த இயந்திரத்தையும் விவரிக்கவில்லை.

'என்.ஐ.எஸ்.டி. தேர்வில் முதல் பத்துக்குள்' என்ற வரி இருந்தால் அடுத்த கேள்வி, எந்த அட்டவணையில் என்பது. விசாவுக்கு எடுத்த படங்கள், போலீஸ் பதிவுப் படங்கள், எல்லைச் சாவடியில் எடுத்தவை, தானியங்கிப் பெட்டியின் முன் நின்று திரையைக் குனிந்து பார்க்கும்போது எடுத்தவை என்று அந்த நிறுவனம் தனித்தனி அட்டவணை வெளியிடுகிறது. பேருந்து நிலையத்துக்கு மிக நெருங்கியது கடைசி வகை. விசாப் படம் மிகத் தொலைவில் உள்ளது. ஃபெரட்டில் மேரிலண்டுக்கு நேர்ந்தது போல, ஓர் அட்டவணையில் முன்னால் நிற்கிறவர் இன்னொன்றில் பின்னால் இருக்கலாம். இன்னொரு மூலையும் உண்டு. 'முதல் இடத்தில் சரியான ஆளைக் காட்டியது' என்ற விகிதத்துக்குக் கட்-ஆஃபே கிடையாது. பட்டியலில் இல்லாத ஆளின் படத்தைக் கொடுத்தாலும் அந்த முறை யாராவது ஒருவரை முதலிடத்தில் காட்டத்தான் செய்யும். விசாரணை அதிகாரி நிதானமாக உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு அது பொருந்தும், வாசலில் மணி அடிக்கும் வேலைக்குப் பொருந்தாது.

மூன்றாவது, தரமில்லை என்று மென்பொருள் தானே ஒதுக்கிய படங்கள். நூறு முகத்தில் இருபதை 'மங்கல்' என்று தள்ளிவிட்டு, எஞ்சிய எண்பதில் 99 சதவீதம் சரி என்று எழுதினால், வாசலைக் கடந்த நூறு பேரில் அடையாளம் கண்டது எண்பதுக்கும் குறைவு. வயோலா–ஜோன்ஸ் சல்லடை செய்த வேலையை இங்கே விற்பனையாளரின் மென்பொருளே செய்கிறது. ஒதுக்கியவை எத்தனை, அவற்றைத் தோல்வியாகக் கணக்கில் சேர்த்தார்களா என்ற இரண்டு எண்ணும் இல்லாத தாளைத் திருப்பி அனுப்புவதே சரி என்பது என் எண்ணம்.

2019இல் ஆம்ஹர்ஸ்ட் குழு தங்கள் தொகுப்பின் பக்கத்திலேயே ஓர் அறிவிப்பைச் சேர்த்தது. இந்தத் தொகுப்பில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருந்தாலும், அதை வைத்து ஒரு நிரல் வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்று முடிவு செய்யக்கூடாது என்பது அதன் சாரம். வினாத்தாளைத் தயாரித்தவர்களே அதைச் சொல்லவேண்டி வந்தது.

கார்டிஃபின் கதைக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. லண்டன், தெற்கு வேல்ஸ் போலீசார் பிறகு தங்கள் கருவியைப் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம் ஒப்படைத்தார்கள். ஆய்வகம் பதிவுப் படங்களோடு நின்றுவிடவில்லை. தன்னார்வலர்களின் படங்களைத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்து, அவர்களை உண்மையான தெருக்கூட்டத்துக்குள் நடக்கவிட்டது. 2023இல் வந்த அறிக்கையின் எண்கள் இப்படி இருந்தன: கட்-ஆஃப் 0.6 என்று வைத்தால், பட்டியலில் உள்ளவர்களில் 89 சதவீதம் பேர் அடையாளம் காணப்படுகிறார்கள். பட்டியலில் 10,000 பேர் இருந்தால் கடந்துபோகும் 6,000 பேரில் ஒருவர் தவறாக மாட்டுகிறார், 1,000 பேர் இருந்தால் 60,000 பேரில் ஒருவர். கட்-ஆஃபைக் குறைத்தால் சில இனத்தவர் மற்றவர்களைவிட அதிகமாகத் தவறாக மாட்டுவதும் அதே அறிக்கையில் இருந்தது. 99.63க்கு முன்னால் 89 சிறிய எண்தான். ஆனால் அதன் பக்கத்தில் கட்-ஆஃப் இருக்கிறது, பட்டியலின் நீளம் இருக்கிறது, படம் எடுத்த தெரு இருக்கிறது, தப்பிப்போன பதினொரு பேரும் இருக்கிறார்கள்.